எக்செலில் உடைந்த தமிழ்: ஒரு கேள்வி, மூன்று பதில்கள்

பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "பெற்றோர் இணையப் படிவத்தில் நிரப்பிய விவரங்களை சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். எக்செலில் திறந்தால் பெயர்கள் எல்லாம் `à®¤à®®à®¿à®´` மாதிரி வருகின்றன. நாளைக்குள் பட்டியலை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?"

இதற்கு வழக்கமாக வரும் முதல் வகைப் பதில் இப்படி இருக்கும்:

> சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மதிப்புகளைக் கொண்ட எளிய உரைக் கோப்பு வடிவமாகும். இவ்வடிவத்தில் எழுத்துக் குறியாக்கம் பற்றிய தகவல் இடம்பெறுவதில்லை. யூடிஎஃப்-8 என்பது 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகியோரால் உருவாக்கப்பட்ட குறியாக்கமாகும். எக்செல் கோப்பைத் தவறான குறியாக்கத்தில் வாசிக்கும்போது எழுத்துகள் சிதைந்து தோன்றலாம். சரியான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்வதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம்.

இதில் தவறு என்று ஒரு வரியைக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியருக்கு வேண்டியது கடைசி வரி மட்டும்தான். அந்த வரியும் எங்கே போய், எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லாமல் முடிந்துவிடுகிறது. அவர் அனுப்பிய `à®¤` என்ற அடையாளத்தை இந்தப் பதில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எந்த மொழிக்காரர், எந்தக் கோப்போடு வந்து கேட்டாலும் இதையே வெட்டி ஒட்டலாம்.

இதை நட்பான தொனிக்கு மாற்றச் சொன்னால் பலர் செய்வது இரண்டாவது வகை. "வணக்கம் டீச்சர்! கவலையே வேண்டாம், இது ரொம்பச் சாதாரண விஷயம்தான். சிஎஸ்வி என்பது என்னவென்றால்..." என்று தொடங்கி, அதே விளக்கத்தை அதே வரிசையில் பேச்சு நடையில் சொல்வார்கள். எனக்கு இது முதல் வகையைவிட மோசமாகப் படுகிறது. நீளம் கூடிவிட்டது, தகவல் கூடவில்லை. "சாதாரண விஷயம்" என்பதும், நாளைக்குள் பட்டியல் கொடுக்க வேண்டியவரிடம் சொல்லும் பேச்சு இல்லை.

மாற வேண்டியது சொற்களைவிட முதலில் வரிசைதான். இதே சிக்கலைப் பல முறை பார்த்த ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தால், முதலில் திரையில் தெரிவதைப் பார்ப்பார். அடுத்து, கெடுத்துவிடக்கூடிய செயலைச் செய்யவிடாமல் தடுப்பார். அதன் பிறகுதான் வழி சொல்வார். காரணம் கடைசியில் வரும். அப்படி எழுதினால்:

> டீச்சர், பெயர்கள் எதுவும் அழியவில்லை. à® என்று திரும்பத் திரும்ப வந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எக்செல் அதைத் தப்பாகப் படிக்கிறது, அவ்வளவுதான். இப்போது திறந்திருப்பதை `Save` கொடுக்காமல் மூடிவிடுங்கள். இறக்கிய கோப்பை ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள்.
>
> அப்புறம் எக்செலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து `Data` > `From Text/CSV` போய் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். ஒரு முன்னோட்டம் வரும். அதில் `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்று மாற்றுங்கள். அங்கேயே தமிழ் சரியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் `Load`. தெரியாவிட்டால் மேலே போகாமல், என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.
>
> சேர்க்கை எண் 0042 போல பூஜ்யத்தில் தொடங்கினால், அதே முன்னோட்டத்தில் `Data Type Detection` என்பதை `Do not detect data types` என்று வையுங்கள். இல்லாவிட்டால் அது 42 ஆகிவிடும்.
>
> வேலை முடிந்ததும் சாதாரண எக்செல் கோப்பாக, அதாவது `.xlsx` ஆகவே சேமியுங்கள். சிஎஸ்வியாகவே வேண்டுமென்றால் `CSV UTF-8` என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் `CSV (Comma delimited)` கொடுத்தால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாவதில் குறியாக்கம் என்ற சொல்லே இல்லை. ஆனால் முதல் பதிலில் இல்லாத தொழில்நுட்ப விவரங்கள் இதில்தான் இருக்கின்றன. "சிதைந்து தோன்றலாம்" என்று பொதுவாகச் சொன்ன இடத்தில், எது சிதைவு, எது இழப்பு என்று பிரித்துச் சொல்கிறது.

அந்தப் பிரிவுதான் இங்கே முக்கியம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. த என்றால் `E0 AE A4`. தமிழில் எதை எடுத்தாலும் முதல் இரண்டு பைட்டுகள் `E0 AE` அல்லது `E0 AF` என்றுதான் இருக்கும். எக்செல் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் படிக்காமல், பழைய விண்டோஸ்-1252 பட்டியல்படி ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகக் காட்டும்போது `à®`, `à¯` என்று வரிசை கட்டி வருகின்றன. ஆகவே இதைப் பார்த்தவுடனேயே பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்று சொல்லலாம். `?????` என்று இருந்தால் கதை வேறு. தமிழுக்கு இடமில்லாத ஒரு குறியாக்கத்தில் யாரோ ஏற்கெனவே சேமித்துவிட்டார்கள். அந்தக் கோப்பில் தேடிப் பயனில்லை, படிவத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டியதுதான். `jkpo;` போல ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும், மேலே சொன்ன வழி உதவாது.

முதல் வகைப் பதில் இந்த மூன்று நிலைகளையும் "சிதைவு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. அனுபவசாலியின் பதில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் வழி சொல்கிறது. அதன் பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். ஊகம் தப்பினால் அடுத்து வரும் படிகள் எல்லாம் வீண். அதனால்தான் "அங்கேயே தமிழ் சரியாகத் தெரிய வேண்டும்" என்ற வரி நடுவில் நிற்கிறது. சுருக்குகிறேன் என்று மாற்றி எழுதுபவர்கள் முதலில் வெட்டுவது இந்த மாதிரி வரியைத்தான். அதை வெட்டினால் ஆசிரியர் உடைந்த பெயர்களோடு `Load` கொடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

பதிப்பு விஷயத்திலும் மூன்றாவது பதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. `From Text/CSV` என்ற பெயர் புதிய எக்செல் பதிப்புகளுக்குப் பொருந்தும். அதைவிடப் பழையதில் `From Text` மட்டும் இருக்கும், படிகளும் கொஞ்சம் மாறும். ஆசிரியர் தன் பதிப்பைச் சொல்லவில்லை என்றால், "`From Text/CSV` இல்லையென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பேன். எல்லாப் பதிப்புகளுக்குமான படிகளை அடுக்கினால் மறுபடி கலைக்களஞ்சியம் ஆகிவிடும்.

முதல் பதிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாவட்டத்திலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் ஒரே வழிகாட்டிக் குறிப்பு எழுதினால், வாசிப்பவர் யார், திரையில் என்ன தெரிகிறது என்று தெரியாது. அப்போது எல்லா நிலைகளையும் விளக்கத்தான் வேண்டும், நடையும் பொதுவாகத்தான் இருக்கும். ஒரே ஆள், ஒரே கோப்பு, நாளைக்கு அச்சு என்னும்போது மூன்றாவதுதான். முதல் பதிலிலிருந்து நான் அதற்கு எடுத்துச் செல்வது ஒரே ஒரு செய்தி: சிஎஸ்வி கோப்பு தன் குறியாக்கத்தைத் தானே சொல்லாது. அதையும் கடைசியில் இப்படிச் சேர்ப்பேன்: "இது அடுத்த முறையும் நடக்கும் டீச்சர். சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எப்போதும் `Data` வழியாகவே கொண்டுவாருங்கள்."