பழைய நேரத்தில் ஓடிய சுடுதண்ணீர்த் தாங்கி

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன், என் சகோதரியின் மகன், "மாமா, இரவு மலிவு மின்திட்டத்துக்கு நாங்களும் மாறலாமா?" என்று கேட்டிருந்தார். மகளின் ஸ்காபரோ வீட்டில் அந்தத் திட்டத்தோடு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் 2023இல் வந்த அந்தத் திட்டத்தில், இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. அவ்வாண்டு நவம்பரில் அலகு 2.8 சதம், வாரநாட்களில் 11 மணிக்கு முந்திய இரண்டு மணித்தியாலங்களுக்கோ 12.2 சதம். சுடுதண்ணீர்த் தாங்கிக்கு ஒரு வட்டத்தட்டு டைமரைப் பூட்டி, 11க்குப் போட்டு 7க்கு நிறுத்தும்படி வைத்தோம். கோடை முழுவதும் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 5ஆம் திகதி கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே போனது. கட்டண நேரம் சுவர்க்கடிகாரத்தோடு போய்விட, டைமர் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றது. அதன் 11 மணி, ஊரின் 10 மணி. நாள் முழுவதும் ஆறிக் கிடந்த தாங்கி, தொடங்கிய முதல் மணித்தியாலத்தில்தான் 4.5 கிலோவாற்றை விடாமல் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு வாரநாளும் நாலரை அலகு, அலகுக்கு 9.4 சதம் வீதம் கூடுதல் விலையில் போனது. டிசம்பர் நடுவில் பட்டியலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மணிவாரியான பாவனை வரைபைத் திறந்தபோது, 10க்கும் 11க்கும் இடையில் ஒரு கம்பம் உயர்ந்து நின்றது. 30 வாரநாட்களில் ஏறக்குறைய 12 டொலர் 70 சதம். பெரிய தொகையல்ல, ஆனாலும் எரிச்சல் தீரவில்லை.

மார்ச்சில் தவறு மறுமுனைக்கு மாறும்: டைமர் காலை 8 வரை ஓடும். அப்போது தாங்கி ஏற்கெனவே சூடாகிவிட்டிருப்பதால், யாராவது குளித்தால்தான் இழப்பு. நவம்பர்தான் உண்மையான கள்ளன். போதாததற்கு, எங்கள் டைமரின் தட்டை முன்னோக்கி மட்டுமே திருப்பலாம். ஒரு மணித்தியாலம் பின்வைக்க 23 மணித்தியாலம் சுற்ற வேண்டும்.

கடைசியில் தட்டைக் குளிர்கால நேரத்திலேயே விட்டு, 11க்குப் போட்டு 6க்கு நிறுத்தும்படி மாற்றினேன். குளிர்காலத்தில் அது 11 முதல் 6; கோடையில் 12 முதல் 7. இரண்டுமே மலிவு நேரத்துக்குள் அடங்கும். தாங்கிக்கு அந்த ஏழு மணித்தியாலம் தாராளம். அதன் பிறகு டைமரை நான் தொடவே இல்லை.

இந்த யோசனை எனக்கு முன்னமே வந்திருக்க வேண்டும். 1996இல் இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது, 2006 வரை ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இங்கே கட்டண உச்சநேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை, ஆண்டு முழுவதும் அசைவதில்லை, கடிகாரமும் அசைவதில்லை.

திட்டம் உண்மையிலேயே மலிவானது, எங்கள் பட்டியலும் குறைந்தது. ஆகவே மருமகனுக்கு "மாறுங்கள்" என்றே எழுதிவிட்டேன். அவர் வீட்டுத் தாங்கியிலும் அதே வட்டத்தட்டு டைமர்தான் இருக்கிறது, அவர் என்னைவிட மறதிக்காரர்; ஆனால் குளிர்கால நேரத்தில் 11 முதல் 6 என்று ஒருமுறை வைத்துவிட்டால், மறந்தாலும் பாதகமில்லை.