கதைசொல்லியா, பாத்திரங்களா? ஓர் ஆமைக் கதைக்கு இரண்டு எழுத்து வடிவங்கள்

மொரீஷியஸில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக 3 நிமிட அசைபடம் ஒன்றுக்குக் கதை எழுத உட்கார்ந்தேன். கதை கையில் இருந்தது. அதைக் காட்சிகளாகப் பிரிக்கும்போதுதான் ஒரு கேள்வி வந்து நின்றது: ஒரு குரல் முழுக்கதையையும் சொல்லட்டுமா, இல்லை பாத்திரங்களே பேசட்டுமா? ஒரே கதையை இரண்டு விதமாகவும் எழுதினேன். பென்சில் படங்களை வரிசையாக அடுக்கி, கைப்பேசியில் குரல் பதிந்து, இரண்டையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இந்த ஒப்பீடு.

முதலில் கதை. மாஹெபூர் கரைக்கு அருகே ஈல் ஓ ஸெக்ரெத் என்று ஒரு பவளத் தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கருங்காலி மரங்களை விறகுக்காக வெட்டித் தள்ளினார்கள். 1965-இல் தீவு பாதுகாக்கப்பட்ட இடமானது. ஆனாலும் மரம் போன இடங்களில் புதுக் கருங்காலி முளைக்கவே இல்லை. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும் மொரீஷியஸின் பெரிய ஆமைகள் எப்போதோ அழிந்துவிட்டன. விழுந்த பழமெல்லாம் தாய்மரத்தடியிலேயே கிடந்தது. 2000-இல், அவற்றைப் போலவே பெரிய உடல்கொண்ட அல்டாப்ரா ஆமைகளை அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அவை பழத்தைத் தின்றன, நடந்தன, சாணமிட்டன. வெறுமையாகக் கிடந்த இடங்களில் கன்றுகள் வந்தன. ஆமை வயிற்றின் வழியாக வந்த விதை நன்றாக முளைப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள்.

எளிய அசைபடத்துக்கு இதைவிடத் தோதான நாயகன் கிடைக்க மாட்டான். பறவை பறக்க வேண்டுமென்றால் சிறகுக்கே பத்துப் படம் வேண்டும். ஆமைக்கு ஓடு ஒன்று, கால் நான்கு, தலை ஒன்று. துண்டுகளாக வெட்டி நகர்த்தினால் போதும். மெதுவாக நகர்வது அதன் இயல்பே என்பதால், நம் கைத்திறனின் குறை வெளியே தெரியாது.

மூன்றாவது காட்சியில்தான் கதை திரும்புகிறது. அதைக் கதைசொல்லிக்காக எழுதியது இப்படி:

காட்சி 3. கருங்காலி மரத்தடி. பகல்.
படம்: மரத்தடியில் நெருக்கியடித்துக் கன்றுகள். நடுவே ஒரு பழம். வலப்பக்கத்திலிருந்து ஆமை வருகிறது.
குரல்: இந்த மரத்தடியில் நெருக்கமாக நிறைய கன்றுகள். தீவின் அந்தப் பக்கமோ வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாள் ஓர் ஆமை பசியோடு வந்தது. கீழே கிடந்த பழத்தை அப்படியே விழுங்கியது.

அதே காட்சி, பாத்திரங்கள் பேசும்போது:

விதை: தாத்தா! தாத்தா!
ஆமை: (நிற்கிறது) யாரு?
விதை: நான்தான். பழத்துக்குள்ள இருக்கேன். இங்க இடமே இல்ல தாத்தா.
ஆமை: எங்க போகணும்?
விதை: அந்தப் பக்கம். அங்க யாருமே இல்ல.
ஆமை: நான் மெதுவாத்தான் போவேன்.
விதை: பரவால்ல.
ஆமை வாயைத் திறக்கிறது. திரை இருட்டு.

முதல் வடிவத்தை நிதானமாக வாசித்தால் 16 விநாடி. இரண்டாவதுக்கு, ஆமை நிற்கும் இடைவெளிகளையும் சேர்த்தால், 25 விநாடிக்குக் குறையாது. பேச்சு இடத்தைத் தின்னும். அதனால் கதைசொல்லி வடிவத்தில் 3 நிமிடத்துக்குள் 9 காட்சிகள் அடங்கின. பேச்சு வடிவத்தில் 6-க்கு மேல் போக முடியவில்லை. விறகு வெட்டிய கதை, பழைய ஆமைகள் அழிந்த கதை, புது ஆமை வந்த கதை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியிருந்தது. தீவின் வரலாற்றைச் சொல்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கதைசொல்லியை வைத்துக்கொள்ளுங்கள்.

கதைசொல்லிக்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பெற்றோர் கேட்டால் அதே படத்தின் மேல் கிரியோல் குரலைப் பதிந்து கொடுத்துவிடலாம், எந்த வாயோடும் பொருத்த வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் தவறு என்று பிறகு தெரிந்தால் அதை மட்டும் திரும்பப் பதிந்தால் போதும்.

ஆனால் கதைசொல்லிக்கு எழுதும்போது ஒரு பள்ளத்தில் எல்லோரும் விழுவோம். நானும் விழுந்தேன். மேலே உள்ள குரலை இன்னொரு தடவை வாசியுங்கள். 'ஒரு நாள் ஓர் ஆமை பசியோடு வந்தது.' அதைத்தான் படம் காட்டிக்கொண்டிருக்கிறது! 'பழத்தை விழுங்கியது.' அதையும் படம் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரிவதையே காதுக்கும் சொன்னால், பிள்ளை இரண்டில் ஒன்றை விட்டுவிடும். பெரும்பாலும் விடுவது காதைத்தான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். கதை ஒரு குறையும் இல்லாமல் புரிந்தால், படத்துக்கு அங்கே வேலை கொடுக்கவில்லை என்று பொருள். என் முதல் வரைவில் 9 காட்சிகளில் 7 அப்படித்தான் இருந்தன. மூன்றாம் காட்சிக் குரலை வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: 'தீவின் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.' படத்தில் தெரியாதது அது ஒன்றுதான்.

பேச்சு வடிவத்தின் பள்ளம் வேறு. இரண்டு பாத்திரங்கள் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டே இருக்கும், எதுவும் நடக்காது. இதற்குச் சோதனை நேர் எதிர்: ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது ஊமைப்படமாகவே தெரிய வேண்டும். என் மூன்றாம் காட்சியில் அது தெரியவில்லை. பழம் மரத்தடியில் சும்மா கிடந்தது. பிறகு ஒரு சின்னத் திருத்தம் செய்தேன்: பழம் உருண்டு உருண்டு வெளியே போகப் பார்க்கிறது, கன்றுகளின் தண்டில் மோதி மோதித் திரும்பி வருகிறது. அதன்பின் 'இங்க இடமே இல்ல தாத்தா' என்ற வரியே வேண்டாம்போல் ஆகிவிட்டது. அதன் ஏக்கத்துக்காக மட்டும் விட்டுவைத்தேன்.

வாயசைவுதான் பேச்சு வடிவத்தின் பெரிய செலவு. விநாடிக்கு 12 படம் என்று வைத்தால்கூட, 25 விநாடிக் காட்சிக்கு 300 படம். முகமுள்ள மனிதப் பாத்திரம் என்றால் குறைந்தது ஆறு வாய் வரைந்து மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும்: மூடிய வாய், பாதி திறந்தது, நன்றாகத் திறந்தது, இழுத்தது, குவித்தது, 'வ'-வுக்கு உதட்டைப் பல் தொட்டது. இதில் தமிழுக்கென்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ப', 'ம' வரும் இடங்களில் உதடு மூடியே ஆக வேண்டும். 'அம்மா' என்று ஒலிக்கும்போது வாய் திறந்தே கிடந்தால், நான்கு வயதுக் குழந்தைகூட 'அது பேசல' என்று சொல்லிவிடும். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் பிசகினால் யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் கதையில் அந்தச் செலவு பெரும்பாலும் இல்லாமல் போனதற்குக் காரணம் பாத்திரங்கள்தான். விதைக்கு வாயே கிடையாது. பழத்தின் மேல் இரண்டு கண் வைத்தேன். பேசும்போது அது லேசாகக் குதிக்கும், அவ்வளவுதான். ஆமைக்கு அலகு போன்ற வாய் என்பதால் திறந்தது ஒன்று, மூடியது ஒன்று, இரண்டே படம். ஆமை விழுங்கிய பிறகு வரும் நான்காம் காட்சி முழுக்க வயிற்றுக்குள்: கறுப்புத் திரையில் இரண்டு கண்கள். வரைவதற்கு ஒன்றுமே இல்லை. 'தாத்தா, வந்துடுச்சா?' 'இன்னும் இல்ல.' கொஞ்ச நேரம் ஆமையின் காலடி ஓசை. 'இப்ப?' 'இன்னும் இல்ல.' மொத்தப் படத்திலும் குறைந்த உழைப்பில் முடிந்த காட்சி இது. பிள்ளைகள் அதிகம் சிரித்ததும் இதற்குத்தான். இதே இடம் கதைசொல்லி வடிவத்தில் 'விதை பல நாள் ஆமையின் வயிற்றில் இருந்தது' என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோயிற்று.

பேச்சே இல்லாமல் இசையும் படமும் மட்டும் என்று மூன்றாவது வழியும் உண்டு. கதைக்கு அது பொருந்தும். மொழி வகுப்புக்குப் பயன்படாது என்பதால் நான் முயலவில்லை.

எந்தத் தமிழ் என்பதில்தான் எனக்கும் உடன் கற்பிக்கும் அக்காவுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. "புள்ளைங்க பாடப் புத்தகத்துல 'இருக்கிறேன்'னு படிக்குது. நீ 'இருக்கேன்'னு போட்டா குழம்பாதா?" என்றார். நியாயமான கேள்வி. கதைசொல்லியின் குரலில் எழுத்துத் தமிழ் இயல்பாகவே ஒலிக்கும், புத்தகத்தோடும் ஒத்துப்போகும். ஆனால் விதை 'நான் பழத்தினுள் இருக்கிறேன்' என்று சொன்னால் அது மேடை ஏறிப் பேசுவதுபோல் ஆகிவிடும். 'இருக்கிறேன்' என்றே பதிந்தும் கேட்டோம். அக்காவே சிரித்துவிட்டார். பேச்சுத் தமிழிலேயே விட்டோம்.

இரண்டையும் போட்டுக் காட்டிய அன்று, கதைசொல்லி வடிவம் முடிந்ததும் கதை என்ன என்று கேட்டேன். பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள், கிரியோலில். ஆமை, விதை என்ற இரண்டு சொல் தவிரத் தமிழ் எதுவும் ஒட்டவில்லை. பேச்சு வடிவம் முடிந்து வெளியே விட்டபோது, ஒரு சிறுமி இன்னொருத்தியின் முதுகில் தொற்றிக்கொண்டு "தாத்தா, வந்துடுச்சா?" என்று கேட்டாள். கீழே குனிந்திருந்தவள் "இன்னும் இல்ல" என்றாள். வாசல்வரை அப்படியே போனார்கள். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகளுக்கு எழுதுகிறோம் என்றால் என் தேர்வு இதனால் பேச்சு வடிவம்தான், வரலாறு முழுக்க விட்டுப்போனாலும்.

ஓர் இடத்தில் மட்டும் கதைசொல்லியை அழைக்காமல் முடியவில்லை. காலம் தாவும் இடம் அது. சாணத்திலிருந்து விதை எட்டிப் பார்க்கும் ஐந்தாம் காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நிறைய நாள் போகிறது. இரண்டு பாத்திரங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காத காலத்தை அவர்களே பேசிச் சொல்ல முடியாது. அங்கே ஒரே வரி வைத்தேன்: 'மழை வந்தது. வெயில் வந்தது. மறுபடியும் மழை வந்தது.' கடைசிக் காட்சியில் பெரிய மரம் வரைய வேண்டும் என்று கை துடித்தது. கருங்காலி மெதுவாக வளரும் மரம், அப்படி வரைந்தால் பொய்யாகிவிடும். அதனால் ஒரு சாண் உயரக் கன்றோடு நிறுத்தினேன்.

காட்சி 6. தீவின் அந்தப் பக்கம். காலை.
படம்: வெற்று நிலத்தில் தனியாக ஒரு கன்று. இரண்டு இலைகளுக்கு நடுவே அதே இரண்டு கண்கள். ஆமை வலப்பக்கத்திலிருந்து வந்து, கன்றைக் கடந்து போகிறது.
கன்று: தாத்தா!
ஆமை: (நிற்கிறது) யாரு?