பத்து மணி சந்திப்பை எட்டே முக்காலுக்கு நிறுத்துவது: போனா, வாட்ஸ்அப்பா, காலண்டரா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 8.40க்குப் பாலர் பள்ளியிலிருந்து போன்: மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள். பத்து மணிக்கு இங்கே சிங்கப்பூரில், ராஃபிள்ஸ் பிளேஸில் வாடிக்கையாளர் ஒருவரோடு சந்திப்பு. அவர் உட்லண்ட்ஸிலிருந்து வருகிறவர். ரயிலிலேயே முக்கால் மணி நேரம் ஆகும், எனவே ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். சென்னையிலிருந்து ஒரு சகா காணொளியில் சேருவதாக இருந்தது.

எனக்கு இருந்த நேரம் ஒரு மணி இருபது நிமிடம் இல்லை, இருபதே நிமிடம். சந்திப்பு எத்தனை மணிக்கு என்பதைவிட எதிராளி எப்போது கிளம்புவார் என்பதுதான் கணக்கு. எந்த வழியில் சொல்வது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

அவுட்லுக்கில் Cancel Meeting அழுத்துவது எளிது. ஆனால் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் அலுவலக மெயிலைப் பார்ப்பார் என்று நம்ப முடியாது. பார்த்தாலும், காரணம் ஒரு வரிகூட இல்லாத ரத்து அறிவிப்பு கதவைச் சாத்தியதுபோல இருக்கும். வாட்ஸ்அப் பரவாயில்லை, ஆனால் இரண்டு சாம்பல் டிக்கைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஆகவே உட்லண்ட்ஸ்காரருக்குப் போன். அரை நிமிடம்தான்: “சார், மன்னிக்கணும், பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னிக்கு வர முடியலை. நீங்க கிளம்பிட்டீங்களா? வேற நேரம் இப்பவே மெசேஜ்ல அனுப்புறேன்.” போனில் தேதி பேசக்கூடாது. நடக்கிற அவசரத்தில் இருவரும் வெவ்வேறு நாளைக் காதில் வாங்கிக்கொள்வோம்.

சென்னை சகாவுக்கு அப்போது காலை 6.10. அவருக்கு வாட்ஸ்அப் போதும். விடிகாலையில் போன் அடித்து எழுப்பியிருந்தால் அதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்!

புதிய நேரம் தருவதிலும் மூன்று வழி. “உங்களுக்கு எப்போ சௌகரியம்னு சொல்லுங்க” என்பது பணிவாகத் தெரிகிறது. உண்மையில் நாம் கெடுத்த வேலையைச் சரிசெய்யும் பாரத்தை அவர் தலையில் வைக்கிறது. முன்பதிவு இணைப்பு அனுப்புவது விற்பனைக்காரர்களுக்குச் சரிப்படும். ரத்து செய்த கையோடு அனுப்பினால் வரிசையில் டோக்கன் எடுக்கச் சொல்வதுபோல இருக்கிறது என்பது என் எண்ணம். நான் தேர்ந்தது மூன்றாவது, இரண்டே நேரம்:

“வியாழன் பிற்பகல் 3 (சென்னை 12.30) அல்லது வெள்ளி காலை 11 (சென்னை 8.30). உங்கள் அலுவலகத்துக்கே நான் வருகிறேன். இரண்டையும் நாளை மாலை 5 வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.”

நேரத்துக்குப் பக்கத்தில் சென்னை நேரத்தையும் போட்டதற்குக் காரணம் உண்டு. வித்தியாசம் இரண்டரை மணி. அந்த அரை மணியில் சறுக்காதவர் என் அலுவலகத்தில் யாருமில்லை. புதன்கிழமையைத் தராததும் தெரிந்தேதான். பிள்ளையின் காய்ச்சல் ஒரே நாளில் விடும் என்று யார் சொல்ல முடியும்? இரண்டாம் முறை ரத்து செய்வது முதல் முறையைவிடப் பல மடங்கு கசக்கும். மருத்துவமனையில் யாராவது சேர்க்கப்பட்டு, எப்போது முடியும் என்றே தெரியாத நிலையென்றால் நேரமே தர வேண்டாம். “நாளை மாலை 6க்குள் நேரம் சொல்கிறேன்” என்றால் போதும், ஆனால் ஆறு மணிக்குச் சொல்லிவிட வேண்டும்.

காரணத்தை எவ்வளவு சொல்வது? “பிள்ளைக்குக் காய்ச்சல்” அளவே சரி. வெறும் “தவிர்க்க முடியாத காரணம்” என்றால் சாக்கு என்று தோன்றும். தெர்மாமீட்டர் படம் அனுப்புவது அதைவிட மோசம்.

அப்புறம் காலண்டர். ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, பழையதையே நகர்த்துவதா? நாள் உறுதியான பிறகு என்றால் நகர்த்துவதே மேல். அழைப்பில் இருக்கும் ஆட்கள், இணைத்த கோப்புகள், காணொளி இணைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு பொறி உண்டு. ஏற்கெனவே “வருகிறேன்” என்றவர்கள் திரும்பவும் பதில் சொல்ல வேண்டும். அறையும் கூடவே வரும் என்று நினைக்கக்கூடாது, அந்த நேரத்தில் வேறு யாராவது பிடித்திருந்தால் அறை மறுத்துவிடும், அந்த மறுப்பு மெயில் நம் கண்ணில் படாமல் போகலாம்.

நாள் உறுதியாகவில்லை என்றால் ரத்துதான். பழைய அழைப்பு அப்படியே கிடந்தால் 9.45க்கு நினைவூட்டல் அடித்து, சென்னைக்காரர் காலியான காணொளி அறையில் உட்கார்ந்திருப்பார். வாராந்தரச் சந்திப்பாக இருந்தால் அன்றைய ஒன்றை மட்டும் ரத்து செய்கிறோமா, மொத்தத் தொடரையுமா என்று பார்த்து அழுத்துங்கள். ஒருமுறை டாக்சியில் போகும்போது அந்தத் தப்பைச் செய்து, வரிசையாகப் பதினோரு பேரிடம் விளக்கம் சொன்னேன்.

உட்லண்ட்ஸ்காரர் வியாழனைத் தேர்ந்தார். போன் போனபோது காலணி மாட்டிக்கொண்டிருந்தாராம்.