சுவிட்ச் திறந்த மறுகணம்: 0⁻, 0⁺ முறை நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

சுவிட்ச் திறப்பதற்குச் சற்று முன் (0⁻) ஒரு படம், திறந்த உடனே (0⁺) இன்னொரு படம் என வரைந்து தொடக்க மதிப்புகளைக் கண்டுபிடிக்கும் முறை பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் நம்பகமாகவே இருக்கிறது. தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டாவது படத்தை வரையாமல் மனத்திலேயே போட்டுவிடும்போதுதான்.

ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் சப்ளை, சுவிட்ச், 4 ஓம் மின்தடை மூன்றும் தொடராக a என்ற முனைக்கு வருகின்றன. a-யிலிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒரு கிளை. 0.5 ஹென்றி காயிலும் 8 ஓம் மின்தடையும் தொடராக இன்னொரு கிளை. சுவிட்ச் வெகுநேரம் மூடியிருந்து திறக்கிறது.

முதல் படத்தில் காயில் வெறும் கம்பி, கெபாசிட்டர் அறுந்த கம்பி. மின்னோட்டம் 12/(4+8) = 1 ஆம்பியர். கெபாசிட்டரில் 8 வோல்ட். காயிலின் மின்னோட்டமும் கெபாசிட்டரின் மின்னழுத்தமும் சட்டெனத் தாவாது என்பதால், இந்தப் படத்திலிருந்து அடுத்ததற்கு எடுத்துப் போக வேண்டியவை இந்த இரண்டு எண்கள் மட்டுமே. சுவிட்ச் மூடியிருந்தபோது 4 ஓமில் 4 வோல்ட் இருந்தது, கெபாசிட்டர் மின்னோட்டம் பூஜ்யம் என்பதெல்லாம் இங்கேயே கழிய வேண்டும். மிக அதிகமாகப் பார்க்கும் பிழை, அந்தப் பூஜ்யத்தை 0⁺-க்கும் கொண்டுபோவது.

இரண்டாவது படத்தில் காயிலை 1 ஆம்பியர் மின்னோட்ட மூலமாகவும், கெபாசிட்டரை 8 வோல்ட் மூலமாகவும் மாற்றி வரையுங்கள். சப்ளைப் பக்கம் துண்டிக்கப்பட்டுவிட்டது. ஆனால் காயில் 1 ஆம்பியரை விடாமல் இழுக்கிறது. அது வரக்கூடிய ஒரே இடம் கெபாசிட்டர். ஆகவே கெபாசிட்டர் மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து −1 ஆம்பியருக்குத் தாவுகிறது. அதன் மின்னழுத்தம் மாறும் வேகம் −1/100µ, அதாவது நொடிக்கு −10,000 வோல்ட். காயிலுக்குக் குறுக்கே 8 − 8×1 = 0 வோல்ட். எனவே di/dt = 0. திறந்த உடனே காயில் மின்னோட்டம் சரியத் தொடங்கியிருக்கும் என்று தோன்றும், அந்தக் கணத்தில் அதன் சரிவு பூஜ்யமே.

இந்த எண்கள் சமன்பாட்டுக்கு மட்டுமல்ல, பாகம் தேர்வுக்கும் உதவும். 8 வோல்ட் நொடிக்கு 10,000 வீதம் இறங்கினால் 0.8 மில்லிநொடியில் பூஜ்யம் தொடும். காயிலோ அப்போதும் கிட்டத்தட்ட 1 ஆம்பியரை இழுத்துக்கொண்டிருக்கும், ஆகவே கெபாசிட்டர் எதிர்த் திசையில் ஏறுகிறது. காயிலில் இருந்தது 0.25 ஜூல், கெபாசிட்டரில் 0.0032 ஜூல்தான். முழுத் தீர்வில் சுமார் 11.5 மில்லிநொடியில் −65 வோல்ட் வரை போகிறது. "8 வோல்ட்தானே" என்று 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் போட்டால் தலைகீழ் மின்னழுத்தத்தில் அது கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும். இங்கே துருவமற்ற, 100 வோல்ட் ரகம் வேண்டும்.

LTspice-இல் சரிபார்க்க இது போதும்:

```
* switch opens at 1 ms
V1 in 0 12
S1 in x ctl 0 MYSW
R1 x a 4
C1 a 0 100u
L1 a b 0.5
R2 b 0 8
Vc ctl 0 PULSE(1 0 1m 1u 1u 1 2)
.model MYSW SW(Ron=1m Roff=1Meg Vt=0.5 Vh=0)
.tran 0 30m 0 1u
.end
```

`.tran` வரியில் `uic` சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் நிலைத்த நிலையைக் கணக்கிடாமல், காயிலும் கெபாசிட்டரும் காலியாக இருப்பதாக வைத்து ஓடும். 1 மில்லிநொடியில் கிடைப்பது நம் 0⁻ அல்ல. `I(C1)` 1 மில்லிநொடியை ஒட்டி −1-க்குத் தாவினால் கணக்கு சரி.

முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுவிட்ச் திறந்து இரண்டு காயில்களைத் தொடராக்கும்போது அவற்றின் முந்தைய மின்னோட்டங்கள் வேறாக இருந்தால், "காயில் மின்னோட்டம் தாவாது" என்ற விதியே உடைகிறது. 3 ஆம்பியர் ஓடும் 2 ஹென்றி, மின்னோட்டமே இல்லாத 1 ஹென்றி என்றால், அங்கே காந்தப் பாயம் காக்கப்படுகிறது என்று எழுத வேண்டும்: 2×3 + 1×0 = 3×i, ஆகவே i = 2 ஆம்பியர். 9 ஜூல் 6 ஆகிறது. மீதி 3 ஜூல் நிஜச் சுற்றில் பெரும்பாலும் சுவிட்ச் முனைகளில் பொறியாக எரியும். முதல் சுற்றில் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டாலும் இதே கதைதான். 1 ஆம்பியருக்கு வழி இல்லாததால் 0⁺ படமே வரைய வராது. காயில் கிளைக்கு இணையாக 1 கிலோஓம் இருந்தால் a முனை −1000 வோல்ட் ஆகும். 1N4007 டயோடு ஒன்றை, கேத்தோடு a பக்கம் இருக்குமாறு வைத்தால் அது சுமார் −0.9 வோல்ட்டில் நின்றுவிடும்.