பிளாஸ்டர் போட்ட கையில் வலி கூடினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் என் மகளின் முறிந்த கைக்குப் பிளாஸ்டர் போட்ட விதத்தையும், அன்றிரவு நாங்கள் தொலைபேசியில் கேட்டபோது அங்கிருந்து வந்த பதிலையும் மற்றப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை இங்கே தரவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளை சைக்கிளால் விழுந்ததில் முன்கையின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தன. எக்ஸ்ரே எடுத்து, எலும்பை நேராக்கி, அந்த மணித்தியாலத்திலேயே கையைச் சுற்றிவர முழுப் பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். முறிந்த இடத்தின் வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தை அடையும் என்பதும், காய்ந்த பிளாஸ்டர் சிறிதும் விரிந்து கொடுக்காது என்பதும், அதனால் புதிய முறிவுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பலகைபோல் அமையும் அரைப் பிளாஸ்டரை வைத்துத் துணிப்பட்டியால் சுற்றுவார்கள் அல்லது முழுப் பிளாஸ்டர் போட்டால் அதை நீளவாக்கில் பிளந்து விடுவார்கள் என்பதும் எனக்குப் பின்னர்தான் விளக்கப்பட்டன. இங்கே பிளக்கவும் இல்லை, வீக்கத்தைப் பார்ப்பதற்காகச் சிறிது நேரம் இருத்தி வைக்கவும் இல்லை. அதைவிட மோசமானது, விரல்களின் நடு மூட்டுவரை பிளாஸ்டரை இழுத்து மூடியிருந்தமை. இத்தகைய முறிவுக்குப் போடும் பிளாஸ்டர் உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்துக்கு முன்பே முடிந்தால்தான் விரல்களை முழுமையாக அசைக்கவும் அவற்றின் நிறத்தைப் பார்க்கவும் முடியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நகங்களும் விரல் நுனிகளும் மாத்திரமே. கையில் தந்தது பற்றுச்சீட்டு ஒன்றுதான். என்ன நடந்தால் திரும்பி வரவேண்டும் என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

மாலையில் வலி இருந்தது, அது எதிர்பார்த்ததே. கையைத் தலையணைகளின் மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலாக உயர்த்தி வைத்து, அவளின் நிறைக்கு ஏற்ற அளவு பனடோலும் கொடுத்தோம். சாதாரண முறிவு வலி இந்த இரண்டுக்கும் சற்றாவது இறங்கும். இவளுக்கோ நேரம் போகப்போக ஏறியது. இரவு நிலையத்துக்கு அழைத்தபோது, "பிளாஸ்டர் போட்டால் நோகும் தானே, இன்னொருக்காப் பனடோல் குடுத்துப்போட்டுப் படுக்க விடுங்கோ, காலமை பாப்பம்" என்றார்கள். விரல்களின் நிறம் எப்படி, அசைகிறதா, விறைக்கிறதா என்று ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பதிலின்மீதுதான், ஏனெனில் அதைக் கேட்டுப் படுத்திருந்தால் நடந்திருக்கக்கூடியது சிறியதல்ல.

சற்று நேரத்தில் மகள், "அப்பா, விரல் விறைக்குது" என்றாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நல்ல கையின் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் உடனே சிவந்தது. பிளாஸ்டர் கையில் அது சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் சென்றது. விரல் நுனிகள் பொம்மி, தொட்டால் குளிர்ந்திருந்தன. சுண்டுவிரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்தபோது முன்கையே பிய்வதுபோல் கத்தினாள். இந்தக் கடைசி அறிகுறியை நன்றாக நினைவில் வைத்திருங்கள்: விரலை மற்றொருவர் நிமிர்த்தும்போது முன்கைத் தசையில் தாங்கமுடியாத வலி எழுவது, உள்ளே தசைகளின் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நெருக்கப்படுவதைக் காட்டும் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. நிறம் மாறுவதும் விரல் அசையாமல் போவதும் பிந்தியே வரலாம். விரல் சிவப்பாக இருக்கிறது, நாடி துடிக்கிறது என்பதற்காக மட்டும் பயமில்லை என்று இருந்துவிட முடியாது. அழுத்தம் ஏறிய நிலையில் சில மணித்தியாலங்கள் போனாலே தசையும் நரம்பும் மீளமுடியாதபடி கெட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகக்கூடும்.

போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டோவில் கொண்டு சென்றோம். (வாகனம் இல்லாதவர்கள் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.) அங்கே பிளாஸ்டரை அதிர்வு வாளால் நீளவாக்கில் வெட்டிய பின்னரும் மருத்துவர் நிறுத்தவில்லை; உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் கத்தரிக்கோலால் தோல் தெரியும்வரை முழுவதும் வெட்டினார். பிளாஸ்டரை மட்டும் பிளந்தால் உள்ளே இறுகிய பஞ்சுப்பட்டி தொடர்ந்து நெரிக்கும் என்று சொன்னார். திறந்து கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கி, விரல்களுக்கு நிறம் திரும்பியது. அப்படித் திறந்தும் வலி இறங்காவிட்டால் தசையுறையை வெட்டித் திறக்கும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டிருக்கும். அந்த இரவு விடுதியில் வைத்துப் பார்த்து, அரைப் பிளாஸ்டருடன் அனுப்பி, வீக்கம் வடிந்த பிறகே முழுப் பிளாஸ்டர் போட்டார்கள்.

அந்த இரண்டாவது பிளாஸ்டரைக் காப்பாற்றுவது பற்றி அங்கிருந்த தாதி சொல்லித் தந்தவை, முதல் நிலையம் "தண்ணி படாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்ற ஒரு வசனத்தோடு முடித்துக்கொண்டவை. பிளாஸ்டர் சில நிமிடங்களில் இறுகினாலும் முழுதாகக் காய இரண்டு நாள் வரை ஆகும். அதுவரை கடினமான விளிம்பில் வைத்தால் குழி விழுந்து உள்ளே தோலை அழுத்தும், போர்வையால் மூடினால் ஈரம் வெளியேறாது. கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதை விட்டு, கதிரையில் இருத்தி, கையை வெளியே நீட்டி வைத்து மற்ற உடம்பை ஈரத்துணியால் துடைத்து விடுவதே பாதுகாப்பு. பொலித்தீன் பை கட்டுவதானால் முதலில் பிளாஸ்டரின் மேல் விளிம்பில் ஒரு சிறு துவாயைச் சுற்றி, அதற்கு மேலாகப் பையைப் போட்டு டேப்பால் ஒட்டவேண்டும். இறப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் அதுவே கையை நெரிக்கும். பையையும் குளித்து முடிந்தவுடன் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நம் வெக்கைக்கு வியர்வையே உள்ளே ஈரமாக நிற்கும். பிளாஸ்டர் நனைந்து மெதுமையானால் காயவிட்டுச் சமாளிக்க நினையாமல் மாற்றிப் போடுவிக்க வேண்டும்: வெளிப்புறம் காய்ந்தாலும் பஞ்சு காயாமல் தோல் ஊறிப் புண்ணாகும்.

பிளாஸ்டருக்குள் தோல் அரிக்கும் கடி என்பது வேறு சோதனை. அம்மம்மா பாசத்தில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் சீவிக் கொண்டுவந்தார். வாங்கி மறைத்து வைத்தோம். ஈர்க்கு, பின்னல் ஊசி, பென்சில் எதுவும் உள்ளே போகக்கூடாது, ஏனெனில் ஊறிய தோல் இலேசில் கீறுப்படும், கீறல் மூடிய இடத்தில் சீழ் கட்டும், உடைந்த துண்டு உள்ளே நின்றுவிடவும் கூடும். பவுடர் வியர்வையோடு கட்டியாகி உரஞ்சும், எண்ணெயும் வேண்டாம். தலைமயிர் உலர்த்தியைக் குளிர்காற்றில் மட்டும் வைத்து விளிம்பால் ஊதியபோதும், பிளாஸ்டரின் மேல் விரலால் தட்டியபோதும் அவளுக்குக் கொஞ்சம் அடங்கியது. இரவில் தாங்கமுடியாமல் போனால் கடிக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே கொடுக்கவேண்டும். கடி ஒரே இடத்தில் எரிவாக மாறினாலோ, பிளாஸ்டருக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, ஈரக்கறை தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது கடியல்ல. அன்றைக்கே திறந்து பார்ப்பிக்க வேண்டும்.

முதல் நிலையத்தின் பற்றுச்சீட்டில் "பிளாஸ்டருக்குப் பின்னான கண்காணிப்பு" என்று ஒரு கட்டணமும் இருக்கிறது. யார், எப்போது கண்காணித்தார்கள் என்று எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சபைக்குப் பற்றுச்சீட்டின் பிரதியையும், அன்றிரவு எடுத்த விரல்களின் படத்தையும், தொலைபேசி அழைப்பின் நேரத்தையும் இணைத்து முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன்.