633-க்கு எந்த மிரர்: சில்வரா, ஈ-பீம் டைட்டானியாவா, ஐபிஎஸ் டாண்டலாவா

நாங்க இருந்த லேப்ல ஓப்பன் கேவிட்டி ஹீலியம்-நியான் லேசர் ஒன்னு இருந்துச்சு, ரெண்டு மிரரையும் நாமளே மாட்டி அலைன் பண்ணி லேசிங் வர வைக்கிற டைப். ஒரு தடவ பின்பக்க மிரர்ல கீறல் விழுந்து போச்சு, ஸ்பேர் இல்ல, டிராயர்ல புது சில்வர் மிரர் ஒன்னு பளபளன்னு கிடந்துச்சு, மிரர்னா மிரர்தானேன்னு அத மாட்டிட்டு ரெண்டு நாள் ஸ்க்ரூவ திருகிட்டே இருந்தோம். சிவப்பு ஒரு பொட்டு கூட வரல. மூணாவது நாள்தான் சீனியர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "தம்பி, அலைன்மென்ட் எல்லாம் சரியாத்தான்பா இருக்கு, மிரர்தான் முழுங்குது"ன்னாரு.

கணக்கு ரொம்ப சிம்பிள். அந்த சைஸ் டியூப்ல ஒளி ஒரு சுத்து போய் வந்தா மூணு நாலு சதவீதம்தான் கூடும். அதுல முன்பக்க மிரர் வழியா ஒரு சதவீதம் வெளிய போகணும், அதுதான் நமக்கு கிடைக்கிற பீம். டியூப் ஜன்னல்கள்ல கொஞ்சம் போகும். நல்ல சில்வர் மிரர் ஹீலியம்-நியானோட சிவப்புல, அதாவது 633 நானோமீட்டர்ல 97, 98 சதவீதம் திருப்பி அனுப்பும், பாக்கி ரெண்டு மூணு சதவீதம் உள்ளேயே சூடா போயிடும். வரவு நாலு, செலவு அஞ்சு. லேசர் எப்படி ஓடும்?

சில்வர்ல இந்த நஷ்டத்த குறைக்கவும் வழி இல்ல, ஏன்னா ஒளிய திருப்பறதும் அதே எலக்ட்ரான்தான், கொஞ்சத்த முழுங்கறதும் அதே எலக்ட்ரான்தான். பூச்ச தடிமன் பண்ணாலும் அதே கததான். அலுமினியம் இன்னும் மோசம், 633ல 90 சதவீதம் பக்கம்.

மல்டிலேயர் மிரர்ல உலோகமே கிடையாது. ஒளிவிலகல் எண் அதிகமான ஒரு லேயர், கம்மியான ஒரு லேயர்னு மாத்தி மாத்தி அடுக்குறாங்க, ஒவ்வொன்னும் அந்த பொருளுக்குள்ள அலைநீளத்துல கால் பங்கு தடிமன். டைட்டானியாவுக்கு, அதாவது டைட்டானியம் டையாக்ஸைடுக்கு, எண் 2.3ன்னு வச்சுகிட்டா 633ஐ 4 பெருக்கல் 2.3ஆல வகுக்கணும், கிட்டத்தட்ட 69 நானோமீட்டர். சிலிக்காவுக்கு 1.46, அது 108 நானோமீட்டர். ஒரு எல்லைல திரும்பறது வெறும் 5 சதவீதம்தான், ஆனா கால் அலை கணக்கால எல்லா எல்லைலேர்ந்தும் திரும்பி வர்ற அலைங்க ஒரே தாளத்துல வந்து சேந்துக்கும். அதனால ஜோடி கூட கூட வழிஞ்சு போற ஒளி மடங்கு மடங்கா குறையும். மேலயும் கீழயும் அதிக எண் லேயர் வச்ச அடுக்குக்கு ஃபார்முலா இதுதான்:

```
Y = (nH/nL)^(2N) * nH^2 / ns
T ≈ 4 / Y
```

nH அதிக எண், nL கம்மி எண், N ஜோடி எண்ணிக்கை, ns அடில இருக்கற கண்ணாடியோட எண், T அந்தப்பக்கம் கசியற பங்கு. டைட்டானியா சிலிக்கா ஜோடிக்கு போட்டு பாருங்க, ஒவ்வொரு ஜோடிக்கும் கசிவு சுமார் 2.5 மடங்கு குறையும். அஞ்சு ஜோடிக்கு 1.2 சதவீதம் கசியும், அதுலயே சில்வர தாண்டியாச்சு. எட்டு ஜோடிக்கு 0.08 சதவீதம். பத்து ஜோடி, அதாவது மொத்தம் 21 லேயருக்கு பத்து லட்சத்துல 130 பங்கு, இனிமே பிபிஎம்னே சொல்லிடறேன்.

இப்ப டாண்டலா, அதாவது டாண்டலம் பென்டாக்ஸைடு. எண் 2.1தான், சிலிக்காவோட வித்தியாசம் கம்மி, ஒரு ஜோடிக்கு ரெண்டு மடங்குதான் குறையும். அதே பத்து ஜோடிக்கு கசிவு 900 பிபிஎம்ல நிக்கும். டைட்டானியாவ பிடிக்க இன்னும் மூணு ஜோடி போட்டாகணும். பேப்பர்ல பாத்தா டைட்டானியா கைய ஓங்கிடுச்சு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா உலகத்துலயே நஷ்டம் கம்மியான மிரர்கள்ல பெரும்பாலும் டாண்டலா சிலிக்காதான் இருக்கு. ஏன்?

கசிவ ஜோடி போட்டு போட்டு எவ்ளோ வேணாலும் குறைக்கலாம். முழுங்கறதையும் சிதறறதையும் அப்படி குறைக்க முடியாது. ஒளி அடுக்குக்குள்ள போக போக வேகமா தேய்ஞ்சுடும், அதனால மேல இருக்கற சில ஜோடிலதான் முழுங்கல் மொத்தமும் நடக்குது, அடில இன்னும் இருபது ஜோடி போட்டாலும் அந்த நஷ்டம் கூடவும் கூடாது குறையவும் குறையாது. ஈ-பீம்ல, அதாவது எலக்ட்ரான் கத்தையால ஆவியாக்கி படிய வச்ச டைட்டானியால முழுங்கற குணகம் பத்தாயிரத்துல ஒன்னுன்னு எடுத்துக்கிட்டா முழுங்கல் மட்டுமே 200 பிபிஎம் வந்துடும். அப்ப கசிவ 130லேர்ந்து 1க்கு கொண்டு போறதுக்காக பாடுபட்டு ஜோடி சேத்தாலும் பிரதிபலிப்பு 99.98ல முட்டி நின்னுடும். ஓட்ட பானைல தண்ணி ஊத்தற கததான்.

ஐபிஎஸ்ங்கறது அயன் பீம் ஸ்பட்டரிங். ஆர்கான் அயன் கத்தையால டார்கெட்ட அடிச்சு அதுலேர்ந்து தெறிக்கற அணுக்கள கண்ணாடி மேல படிய வைக்கறது, அணு வேகமா வந்து மோதறதால படலம் இடைவெளி இல்லாம கெட்டியா உக்காரும், அப்புறம் அடுப்புல போட்டு அனீல் பண்ணா முழுங்கல் இன்னும் எறங்கும். இப்படி வந்த டாண்டலால குணகம் பத்து லட்சத்துல ஒன்னு, நல்லா வந்தா அதுக்கும் கீழ போகும், ஒன்னுன்னே வச்சாலும் முழுங்கல் 3 பிபிஎம்தான். இப்ப ஜோடி சேக்கறதுக்கு அர்த்தம் இருக்கு, பதினஞ்சு ஜோடிக்கு கசிவு 24, இருபது ஜோடிக்கு ஒன்னுக்கும் கீழ. இந்த முறை பெருசா வளந்தது சுழற்சிய அளக்கற ரிங் லேசர் கைரோவுக்காக 1970கள் கடைசில, அதுல மிரர் கொஞ்சம் சிதறினாலே மெதுவா சுத்தும்போது எதிரெதிரா போற ரெண்டு பீமும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு கைரோ குருடாயிடும். 1992ல கால்டெக் இயற்பியலாளர் ஜெஃப் கிம்பிளோட குழு ஐபிஎஸ் மிரர் ஜோடில, ஒளி உள்ள எவ்ளோ நேரம் தாங்குதுன்னு காட்டற ஃபைனெஸ் 19 லட்சம் அளந்து காட்டுனாங்க, ஒரு மிரருக்கு மொத்த நஷ்டம் 1.6 பிபிஎம்.

சரி, அப்ப ஐபிஎஸ்ஸே வாங்கிடலாமேன்னு கெளம்பாதீங்க. அடில இருக்கற கண்ணாடி மேடு பள்ளமா இருந்தா அது அப்படியே மேல வரைக்கும் தெரியும். சிதறல் தோராயமா (4πσ/λ)², இதுல σ பரப்போட சொரசொரப்பு. சாதா பாலிஷ்ல 1 நானோமீட்டர்னா 633ல 400 பிபிஎம் சிதறும், 0.1 நானோமீட்டர் சூப்பர் பாலிஷ்னா 4. சாதா பாலிஷ் கண்ணாடில ஐபிஎஸ் கோட்டிங் போடறது குண்டும் குழியுமான ரோட்ல ரேஸ் கார் ஓட்டற மாதிரி. கொட்டேஷன் வாங்கும்போது கோட்டிங் பேர மட்டும் பாக்காதீங்க, சப்ஸ்ட்ரேட் சொரசொரப்பு எவ்ளோன்னு கேளுங்க, அந்த லைன்தான் முதல்ல.

இன்னொரு மைனஸ், படலம் கெட்டியா இருக்கறதால அழுத்தமும் அதிகம், மெல்லிசு கண்ணாடியா இருந்தா வளைச்சுடும். ஈ-பீம் படலம் அப்படி இல்ல, நுணுக்கமான தூண் தூணா வளந்து நடுவுல துளை இருக்கும், அழுத்தம் கம்மி, வெலையும் கம்மி. ஆனா அந்த துளைல காத்து ஈரம் போய் உக்காந்துக்கும். வெளிய அளக்கும்போது நடு அலைநீளம் 633ல கரெக்டா இருக்கும், அதே மிரர வேக்குவம் சேம்பர்ல வச்சு பம்ப் பண்ணா ஈரம் வெளியேறி எண் கொறஞ்சு நடு அலைநீளம் ஒன்னு ரெண்டு சதவீதம் நீலப்பக்கம் தள்ளிடும். மிரர் பிரதிபலிக்கற அலைநீளப் பட்டையோட அகலம் 180 நானோமீட்டர் இருக்கறதால அகலப் பட்டை மிரருக்கு இது தெரியாது, ஓரத்துல வேலை செய்யற ஃபில்டருக்குத்தான் தலைவலி.

பட்டைன்னு சொன்னதும் இத சொல்லியாகணும், இங்கதான் டைட்டானியா பழிவாங்கும். பிரதிபலிக்கற பட்டையோட அகலம் ஜோடி எண்ணிக்கைய பொறுத்தது இல்ல, எண் வித்தியாசத்த பொறுத்தது. டைட்டானியாவுக்கு சுமார் 180, டாண்டலாவுக்கு 145 நானோமீட்டர். நேரா அடிக்கறதுக்கு டிசைன் பண்ண மிரர 45 டிகிரில திருப்பி வச்சா பட்டை நீலப்பக்கம் நகரும், நடு அலைநீளம் 633லேர்ந்து 580 பக்கம் வந்துடும், போதாததுக்கு p போலரைசேஷனுக்கு, அதாவது ஒளி மிரர்ல பட்டு திரும்பற தளத்துலயே அதிர்றதுக்கு, பட்டை சுருங்கவும் செய்யும். கணக்கு போட்டா p-க்கு டைட்டானியா அடுக்கோட சிவப்பு ஓரம் 655 பக்கம், 633 இன்னும் உள்ளதான் இருக்கு, தப்பிச்சுக்கும். டாண்டலாவுக்கு அந்த ஓரம் கிட்டத்தட்ட சரியா 633லயே வந்து நிக்கும். வெல ஜாஸ்தி குடுத்து வாங்குன 99.99 மிரர 45 டிகிரில வச்சா p பீம் மிரருக்கு பின்னாடி சுவத்துல பளிச்சுன்னு விழும். கோட்டிங் போச்சுன்னு நெனச்சு திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி பீமோட போலரைசேஷன 90 டிகிரி சுத்தி s ஆக்கி பாருங்க, வெளிச்சம் மறைஞ்சுடுச்சுன்னா மிரர் நல்லாத்தான் இருக்கு, கோணம்தான் தப்பு. சில்வருக்கு இந்த கவலையே இல்ல, எந்த கோணம்னாலும் கிட்டத்தட்ட அதே 97.

நஷ்டத்த எப்படி அளக்கறதுன்னு கேப்பீங்க. பவர் மீட்டர வச்சு முன்ன பின்ன அளந்து 99.98ஆ 99.998ஆன்னு சொல்லவே முடியாது, மீட்டரோட பிழையே ரெண்டு மூணு சதவீதம். ரெண்டு மிரர எதிரெதிர வச்சு உள்ள ஒளிய விட்டு டக்குன்னு லேசர நிறுத்திட்டு, உள்ள மாட்டுன ஒளி எவ்ளோ நேரத்துல தேயுதுன்னு பாக்கணும், ரிங்-டவுன்னு பேரு. தேயற நேரம் L/(c·(1−R)), L மிரர் இடைவெளி, c ஒளியோட வேகம், R பிரதிபலிப்பு. அரை மீட்டர் இடைவெளில நஷ்டம் 1000 பிபிஎம்னா 1.7 மைக்ரோசெகண்ட், 20 பிபிஎம்னா 83 மைக்ரோசெகண்ட். நேரத்த அளக்கறதால லேசர் பவர் ஆடுனாலும் பிரச்சன இல்ல. அதே கேவிட்டில மிரர் மேல ஒரு தூசி வந்து உக்காந்தா 83 திடீர்னு பாதியாகும், அத ஆசிலோஸ்கோப்ல கண்ணால பாத்தா இனிமே வாய தொறந்து மிரர் மேல ஊத மாட்டீங்க.

என் தேர்வு கேட்டா: டேபிள் மேல பீம திருப்பி விடறதுக்கு சில்வர் போதும், ஒவ்வொரு மிரருக்கும் மூணு சதவீதம் போறது உறுத்துனா ஈ-பீம் டைட்டானியா, 45 டிகிரிக்குன்னே டிசைன் பண்ணத வாங்குங்க. ஹீலியம்-நியான் பின்பக்க மிரருக்கும் ஈ-பீமே தாராளம், நாலு சதவீத வரவுல 0.1க்கும் கம்மியா போறது ஒரு கணக்கே இல்ல. ஐபிஎஸ்ஸும் சூப்பர் பாலிஷும் ஒளி ஆயிரக்கணக்குல தடவ போய் வர்ற கேவிட்டிக்கு மட்டும், ரிங்-டவுன், கைரோ, அட்டாமிக் க்ளாக் ரெஃபரன்ஸ் மாதிரி. கேலியம் ஆர்சனைடு படிக மிரர் இதவிட வெப்ப அதிர்வு கம்மி, அமைதியானதுன்னு யாராவது சொன்னா, அது உண்மைதான், ஆனா அகச்சிவப்புல. 633ல அந்த பொருளே ஒளிய முழுங்கிடும்.

எங்க லேசருக்கு கடைசில வந்தது பழைய ஈ-பீம் மிரர் ஒன்னு, பாக்கறதுக்கு மங்கலா, ஒரு பக்கமா பாத்தா நீலப்பச்சையா, சில்வர் பக்கத்துல வச்சா ஏதோ கலர் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்துச்சு. மாட்டி பத்து நிமிஷத்துல சிவப்பு பொட்டு வந்துடுச்சு.