ஜெர்மன் கடையில் விலைச்சீட்டைக் கேமராவில் படிப்பது: சில ஆண்டு அனுபவம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் பையர்களைப் பார்க்க அவ்வப்போது போய்வர வேண்டியிருக்கும். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. அதனால் அடுப்பு வைத்த அறையாகப் பார்த்து எடுத்து, அரிசிம்பருப்பு சாதமோ ஒரு குழம்போ வைத்துக்கொள்வதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அதற்குச் சூப்பர் மார்க்கெட் போகாமல் முடியாது. எனக்கு ஜெர்மன் தெரியாது. கேமராவைக் காட்டினால் எழுத்தை மொழிபெயர்க்கும் செயலியை வைத்துத்தான் இத்தனை ஆண்டும் ஓட்டியிருக்கிறேன்.

பொருளின் பெயரைப் படிக்க அது நன்றாகவே உதவுகிறது. கடலை மாவா கோதுமை மாவா, உப்புப் போட்ட வெண்ணெயா போடாததா என்பதில் குழப்பமே வராது. தடுமாறுவது விலைச்சீட்டில்தான். அங்கே ரூபாய் பைசாவுக்கு இடையில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைக்கிறார்கள். பல கடைகளில் யூரோ பெரிதாகவும் சென்ட் மேலே குட்டியாகவும் இருக்கும். 1,99 என்பது திரையில் 199 என்று வந்து நிற்கும். ஒரு யூரோவுக்குக் குறைந்த விலை என்றால் முன்னால் சைபர் போடாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார்கள், 79 சென்ட் திரையில் வெறும் 79 ஆகிவிடும். கேமராவை ஆட்டிக்கொண்டே நேரடியாகப் படிப்பதைவிட, நேராக நின்று ஒரு போட்டோ எடுத்து, அதை மொழிபெயர்ப்பதே மேல். இன்னொன்று, தமிழில் கேட்பதைவிட ஆங்கிலத்தில் கேட்டால் விலைச்சீட்டு தெளிவாக வருகிறது. தமிழில் நிபந்தனை வாக்கியங்கள் உடைந்துபோகின்றன. கடை தரைக்குக் கீழே இருந்தால் சிக்னல் கிடைக்காது, ஜெர்மன் மொழிக் கோப்பை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எடை விலைக்கு வருவோம். நம்மூரில் தள்ளுவண்டிக்காரர் அட்டையில் பெரிதாக 20 என்று எழுதி, மூலையில் சின்னதாகக் 'கால்' என்று போட்டிருப்பாரே, அங்கே அந்த வேலை எளிதில் நடக்காது. பொட்டலத்தின் விலைக்குக் கீழே கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டாக வேண்டும் என்பது சட்டம். முன்பு சின்னப் பொட்டலங்களுக்கு 100 கிராம் விலை போட அனுமதி இருந்தது. 2022 மே 28 முதல் பொட்டலப் பொருளுக்குக் கிலோ, லிட்டர் கணக்குத்தான். வெட்டித் தரும் கவுண்டரில் மட்டும் இறைச்சி, சீஸ் இன்னமும் 100 கிராம் விலையில் இருக்கும். கவுண்டரில் 1,89 என்று பார்த்துவிட்டு, பக்கத்து அலமாரியில் அதே சீஸ் பொட்டலத்தில் கிலோ 14,90 என்று பார்த்தால், எது மலிவு என்று ஒரு நொடி யோசிக்கத்தான் வேண்டும். கவுண்டர் விலை கிலோவுக்கு 18,90.

இதில் கவனிக்க வேண்டியது டப்பா உணவு. கொண்டைக்கடலை டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 0,99. டப்பாவில் 400 கிராம் என்று இருக்கிறது. நாமே வகுத்தால் கிலோ சுமார் 2,48 வர வேண்டும். ஆனால் சீட்டில் கிலோ 4,13 என்று இருக்கும். சீட்டு தப்பில்லை. தண்ணீரில் ஊறிய பொருளுக்கு, நீரை வடித்த பிறகு நிற்கும் எடையில்தான் கிலோ விலை போட வேண்டும். டப்பாவில் இரண்டாவதாக 240 கிராம் என்று ஓர் எடை இருக்கும், அதுதான் கணக்கு. செயலி அதை 'வடிகால் எடை' என்று காட்டும். சாக்கடைச் சமாச்சாரம் போலத் தெரிந்தாலும் அதுதான் நமக்கு வேண்டிய வரி. பக்கத்திலேயே காய்ந்த கடலை 500 கிராம் 1,79, அதாவது கிலோ 3,58. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். காய்ந்த கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும். வெந்த கடலைக்கு வெந்த கடலை என்று பார்த்தால் டப்பா இரண்டு மடங்குக்கு மேல் விலை. இந்தக் கணக்கை எந்தச் சீட்டும் சொல்லாது, எந்தச் செயலியும் போடாது.

தள்ளுபடிதான் பெரிய தலைவலி. எங்கள் சாம்பிளிங் பிரிவுத் தம்பி ஒருவன் முதல்முறை வந்தபோது முந்திரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, 1,99னுதானே இருந்துச்சு? பில்லுல 2,79 போட்டிருக்காங்களே?" என்று வந்து நின்றான். அவன் எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சிவப்பில் 1,99, அதன் ஓரத்தில் குட்டி எழுத்தில் அந்தக் கடையின் செயலியைக் காட்டினால்தான் அந்த விலை என்ற நிபந்தனை. மொழிபெயர்ப்பு பெரிய எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வரியை விட்டுவிட்டது. ஒரே சீட்டில் இரண்டு விலையும் இரண்டு கிலோ விலையும் இருந்தால், அவற்றில் ஒன்றுக்கு நிபந்தனை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூலையைத் தனியாக, கிட்டப்போய் இன்னொரு போட்டோ எடுங்கள். இரண்டு வாங்கினால் ஒவ்வொன்றும் இவ்வளவு என்ற சலுகையும் இதே மாதிரிதான் ஏமாற்றும். '2 துண்டுகளிலிருந்து' என்று தமிழில் வந்தால், குறைந்தது இரண்டு எடுத்தால்தான் அந்த விலை என்று பொருள்.

தண்ணீர் பாட்டில் தனிக் கதை. விலைக்குக் கீழே 'அடகு' என்று வரும். அடகு இல்லை, பாட்டிலுக்கான முன்பணம். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட், விலையில் சேராது. 29 சென்ட் தண்ணீர் ஆறு எடுத்தால் தண்ணீருக்கு 1,74, பாட்டிலுக்கு 1,50, மொத்தம் 3,24. காலி பாட்டிலைக் கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். பாட்டிலை நசுக்கிவிடாதீர்கள், பட்டைக்கோடு படிக்க முடியாவிட்டால் இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும்.

அடித்துப்போட்ட பழைய விலையை நம்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். விலையைக் குறைத்ததாகச் சொன்னால், முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைச் சொல்ல வேண்டும். சதவீதத்தையும் அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய விலை 2,79, இப்போது 1,99, ஆனால் போன வாரங்களில் 2,09க்கும் விற்றிருந்தால், உண்மையில் குறைத்திருப்பது 10 சென்ட்தான். அந்த 30 நாள் வரி சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், முதலில் செயலி விடுவதும் அதைத்தான். சோப்பு, ஷாம்பு வகையில் தயாரிப்பாளர் பரிந்துரைத்த விலை என்று ஒன்றைப் போட்டு அதோடு ஒப்பிடுவார்கள். அந்த விலைக்கு அந்தக் கடை என்றைக்காவது விற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் அந்தச் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை.

ஒட்டுமொத்தமாக, பொருளின் பெயருக்குச் செயலியை நம்புவேன். எண்களை என் கண்ணால் படித்துக்கொள்வேன். பில் வந்ததும் கல்லாவை விட்டு நகராமல் ஒரு பார்வை, தள்ளுபடி விழாமல் இருந்தால் சீட்டின் போட்டோவை அங்கேயே காட்டுங்கள். அதற்காகவே அந்தப் போட்டோக்களை அறைக்குத் திரும்பும்வரை அழிப்பதில்லை.